பெரிய புடைப்பு வலது காலில், ஆபரேஷன் இடது காலுக்கு

அவருக்கு வயது 46. விமான நிலையத்தில் தரைப்பணி, ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, சீருடையோடு 5 செ.மீ. ஹீல்ஸ் வைத்த மூடிய கறுப்பு ஷூ. இப்படியே 18 வருடம். என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றி வலது காலை நீட்டிக் காட்டிவிட்டு, "இந்தக் காலை ஆபரேஷன் பண்ணிடலாம்னு முடிவு பண்ணிட்டேன் மேடம், யார்கிட்ட போகலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் பிசியோதெரபிஸ்ட், கத்தி எடுப்பவள் இல்லை. ஆனால் பாதப் பிரச்சினைகளோடுதான் என் நாள் முழுக்கப் போகிறது, பெருவிரல் புடைப்போடு வருபவர்களில் பலர் அறுவை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னாலோ பார்த்த பின்னாலோ என்னிடம் வருகிறார்கள்.

இவருடைய கதையை ஏன் முழுசாக எழுதுகிறேன் என்றால், ஒரே ஆளின் இரண்டு கால்கள், ஒரே ஷூ, ஒரே வேலை, ஆனால் முடிவு இரண்டுக்கும் வேறு வேறாகப் போனது. பார்க்க மோசமாக இருந்த கால் இன்று வரை கத்தியைப் பார்க்கவில்லை. "இது பரவாயில்லை மேடம்" என்று அவர் ஒதுக்கிய இடது கால்தான் ஆபரேஷனுக்குப் போனது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

முதலில் இந்தப் புடைப்பு என்ன என்பது. டாக்டர்கள் பன்யன் என்பார்கள், ரிப்போர்ட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று இருக்கும். நிறையப் பேர் அங்கே புதிதாக எலும்பு வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், இவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அங்கே வளர்ந்தது ரொம்பக் கொஞ்சம். பெருவிரலுக்குப் பின்னால், பாதத்துக்குள்ளே ஒரு நீள எலும்பு இருக்கிறது, முதல் மெட்டாடார்சல் என்று பெயர். அது மெல்ல மெல்ல அடுத்த காலைப் பார்த்துச் சாய்கிறது, விரல் அதற்கு எதிராகச் சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. இரண்டும் சேரும் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக, நாம் தொட்டுப் பார்க்கும் அந்த முண்டு பெரும்பாலும் இடம் மாறிய நம்முடைய பழைய எலும்பின் தலைதான், அதன் மேல் ஷூ உரசி உரசித் தடித்த தோலும் வீங்கிய ஒரு நீர்ப்பையும் இருக்கும்.

சாய ஆரம்பித்த பிறகு அது தானாகவே கூடிக்கொண்டு போவதற்கும் காரணம் இருக்கிறது. பெருவிரலை மேலே தூக்கும் தசைநாணும் கீழே மடக்கும் தசைநாணும் மூட்டின் நடுவே நேராக ஓடவேண்டியவை. விரல் ஒருபக்கம் சாய்ந்ததும் அவை வில்லின் நாண் மாதிரி அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன, அப்புறம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவையே விரலை இன்னும் கொஞ்சம் இழுக்கின்றன. மூட்டு உறையின் ஒரு பக்கம் தளர்ந்து, மறுபக்கம் சுருங்கிவிடுகிறது. இன்னொரு விஷயம், இந்தக் கதைக்கு இதுதான் முக்கியம்: அந்த நீள எலும்பின் தலைக்கு அடியில் பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் உண்டு, செசமாய்டு என்பார்கள். உடல் எடை பெருவிரல் வழியாகத் தரைக்கு இறங்குவது இவற்றின் மேல்தான். நீள எலும்பு இவற்றை விட்டுச் சறுக்கிப் போய்விட்டால் பெருவிரல் தன் பங்கு எடையைத் தாங்குவதில்லை, அது பக்கத்திலிருக்கும் இரண்டாவது எலும்பின் தலைக்குப் போய்விடுகிறது. அந்த எலும்பு அவ்வளவு எடைக்கு ஏற்றது அல்ல.

ஷூவால் வந்ததா, பரம்பரையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும்தான், ஆனால் ஒரே அளவில் அல்ல என்பது என் எண்ணம். இவருடைய அம்மாவுக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் இருந்தது, அவர்களில் பாட்டி மூடிய ஷூ போட்டதே இல்லை. பாதத்தின் அமைப்பு, மூட்டுகளின் தளர்ச்சி, இவை பிறப்பில் வருகின்றன. ஹாங்காங்கில் 1958-இல் வெளியான ஒரு பழைய ஆய்வில் ஷூ போடுபவர்களில் 33 சதவீதம் பேருக்கும், வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கும் இது இருந்ததாகக் கண்டார்கள். ஷூ எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் இதில் தெரிகிறது, ஷூவே போடாதவர்களுக்கும் வரும் என்பதும் தெரிகிறது. அதனால் "நான் ஹீல்ஸ் போட்டதாலதான் எனக்கு இப்படி ஆச்சு" என்று தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை, அதற்காக ஷூவைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். நான் முதலில் செய்வது ஒரே ஒரு வேலை. "வலி எங்கே, ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்பேன். கையை முழுசாக வைத்துத் தடவிக் காட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன், ஒரு விரல் நுனி. வலது காலில் அவர் தொட்டது புடைப்பின் உச்சியை. சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. ஷூ போட்ட அரை மணியில் ஆரம்பிக்கும், கழற்றிய பத்து நிமிஷத்தில் போய்விடும், வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் வலியே இல்லை. இடது காலில் எங்கே என்று கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலைத் திருப்பி, அடிப்பக்கத்தில், இரண்டாவது விரல் பாதத்தோடு சேரும் இடத்தைத் தொட்டார். "இங்க ஒரு கூழாங்கல்லு மேல நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா அது புடைப்புல இல்லையே, அதனால நான் அதைக் கணக்குல எடுத்துக்கல." அந்த வலி வெறுங்காலோடு நடந்தாலும் வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே இருந்தது.

இந்த இரண்டு பதிலிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். வலது காலின் வலி ஷூவுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிறது. இடது காலின் வலி ஷூவைக் கழற்றினாலும் கூடவே வருகிறது.

அடுத்து பெருவிரலைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். வலதில் 65 டிகிரி அளவுக்குச் சுலபமாகப் போனது, இடதில் 55. விரலை லேசாக உள்ளே அழுத்திச் சுழற்றினேன், இரண்டிலும் உள்ளே நறநறப்போ வலியோ இல்லை. இதை ஏன் பார்க்கவேண்டும் என்றால், பெருவிரல் மூட்டே தேய்ந்துபோன ஒரு நிலையும் உண்டு. அதில் புடைப்பு மூட்டின் மேல்பக்கம் வரும், விரல் மேலே தூக்காது, ஒவ்வொரு அடியிலும் உந்தும்போது வலிக்கும். அதற்கான வைத்தியமே வேறு. அதே மாதிரி, ராத்திரியில் திடீரென்று சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்கமுடியாத வலி என்றால் அது கவுட்டாக இருக்கலாம், முதலில் டாக்டரைப் பார்த்து அதை உறுதி செய்ய வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை. சர்க்கரை இல்லை, பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைத்தது, உணர்ச்சியும் சரியாக இருந்தது.

அப்புறம் இரண்டாவது விரல். வலதில் அது தரையில் ஒழுங்காகப் படிந்திருந்தது. இடதில் நிற்கும்போதே விரல் நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பெருவிரல் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. அடியில் ஒரு சிறு நாணய அளவுக்குக் காய்ப்பு, சரியாக இரண்டாவது எலும்புத் தலைக்குக் கீழே. விரலின் அடிப்பகுதியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கினேன், வலது காலை விடத் தெளிவாக நகர்ந்தது, "அதே வலிதான் மேடம்" என்றார். ஒரு தாள் துண்டை விரலுக்கு அடியில் வைத்து, விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு இழுத்தேன். வலதில் தாள் கிழிந்தது. இடதில் அப்படியே உருவிக்கொண்டு வந்தது. அந்த மூட்டின் அடியில் விரலைத் தரையோடு பிடித்துவைக்கும் ஒரு தடித்த பட்டை இருக்கிறது, அது நைந்துபோக ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். காரணம் மேலே சொன்னதுதான், பெருவிரல் தூக்கவேண்டிய எடையை இரண்டாவது விரலின் அடி தூக்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரே ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். ஆனால் படுக்கவைத்து எடுத்தது. பாதத்தின் மேல் எடை ஏறாமல் எடுத்த படத்தில் இந்தச் சாய்வு குறைவாகத் தெரியும், அதை வைத்து முடிவெடுக்கக்கூடாது. இடது காலில் பெருவிரலின் சாய்வு அந்தப் படத்தில் 21 டிகிரி. நின்றபடி திரும்ப எடுத்தபோது 27. இந்தக் கோணம் 15 வரை இயல்பு. 20 வரை லேசானது, 20 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். முதல், இரண்டாவது நீள எலும்புகளுக்கு நடுவில் உள்ள கோணத்தையும் அளப்பார்கள், அது 9 வரை இயல்பு. வலது காலில் விரல் சாய்வு 34, எலும்புகளுக்கு நடுவில் 14. இடதில் 27, 13. எண்ணை மட்டும் பார்த்தால் வலது கால்தான் மோசம். படம் பார்க்கும் யாரும் முதலில் வலது காலைத்தான் சொல்வார்கள், ஒரு இடத்தில் அப்படித்தான் சொல்லியும் இருந்தார்கள்.

இந்த நேரத்தில் நான் ஆபரேஷன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்கு மாதம் ஷூவை மாற்றிப் பார்த்துவிட்டு, எந்த வலி போகிறது, எந்த வலி போகாமல் இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன். இதைத் தள்ளிப்போடுவதாக அவர் நினைத்தார். எனக்கு இது ஒரு பரிசோதனைதான். ஷூ மாற்றினால் போகிற வலிக்கு எலும்பை வெட்டவேண்டிய தேவை இல்லை, ஷூ எல்லாம் சரியாக இருந்தும் போகாமல் இருக்கிற வலிக்குத்தான் அறுவை என்ற பேச்சே.

ஷூவைச் சோதிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தாளின் மேல் முழு எடையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். உட்கார்ந்து வரைந்தால் பாதம் குறுகித் தெரியும். பிறகு ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி எடுத்து அந்த வரைபடத்தின் மேல் வைக்க வேண்டும். இவருடைய முன்பாதத்தின் அகலம் 98 மில்லிமீட்டர், சீருடை ஷூவின் இன்சோல் அதே இடத்தில் 81. ஷூவின் மேல்தோல் கொஞ்சம் விரிந்து கொடுக்கும்தான், ஆனாலும் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம் பாதம் போக இடமே இல்லை. தாளைப் பார்த்ததும் அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை, இரண்டு காலையும் மாற்றி மாற்றி அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அகலம் போதாது என்று தெரிந்ததும் பலர் செய்யும் தப்பு ஒரு அளவு பெரிய ஷூ வாங்குவது. அதில் நீளம்தான் கூடுகிறது, முன்பக்க அகலம் கொஞ்சம்தான் கூடுகிறது. குதிகால் பின்னால் பிடிபடாமல் கால் முன்னால் சறுக்கிப் போய் அந்தக் குறுகிய மூக்குக்குள்ளேயே சொருகிக்கொள்ளும். ஹீல்ஸ் இருந்தால் இன்னும் வேகமாகச் சறுக்கும், எடையும் முன்பாதத்துக்கு வந்துவிடும். வேண்டியது முன்பக்கம் உண்மையிலேயே அகலமான, மூக்கு கூராகாமல் விரல்களின் வடிவத்திலேயே உருண்டு முடிகிற, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக்கட்டைவிரல் அகலம் இடம் விடுகிற ஷூ. புடைப்பு உட்காரும் இடத்தில் தையலோ மடிப்போ இருக்கக்கூடாது. லேஸ் அல்லது பட்டை வைத்து மேல்பாதத்தில் இறுக்கிப் பிடிக்கவேண்டும், அப்போதுதான் கால் முன்னால் போகாது. ஹீல் 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பின்பட்டை இல்லாத தளர்ந்த செருப்பு புடைப்பில் உரசாதுதான், ஆனால் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது, நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. சீருடை விதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அகலமான கறுப்பு லேஸ் ஷூவுக்கு அனுமதி கிடைத்தது.

முதல் மாதம் நாங்கள் ஒரு தப்பு செய்தோம், அதில் என் பங்கும் உண்டு. அகலம் என்றதுமே அவர் துணி மாதிரி மெத்தென்று வளைகிற ஷூவை வாங்கிவிட்டார், நானும் அகலத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். இரண்டே வாரத்தில் வலது கால் வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் இடது முன்பாதத்தின் அடிவலி கூடிவிட்டது. அடிப்பாகம் கைக்குட்டை மாதிரி மடிகிற ஷூவில் ஒவ்வொரு அடியிலும் விரல் மூட்டுகள் முழுசாக வளைகின்றன, நைந்துபோன அந்தப் பட்டைக்கு அதுதான் ஆகாது. இரண்டாவது முறை அடிப்பாகம் கெட்டியாக, நுனியில் தொட்டில் மாதிரி மேலே வளைந்திருக்கும் ஷூ. இரண்டு கையாலும் ஷூவைப் பிடித்து மடக்கினால் நடுவில் மடியக்கூடாது, அதுதான் சோதனை.

கூடவே இடது காலுக்கு ஒரு சின்ன மெட்டாடார்சல் பேட். இதை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது, அவரும் அதையே செய்து வலி கூடிப்போய் வந்தார். பேட் வலிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், குதிகால் பக்கமாக இருக்கவேண்டும். அது எலும்பின் கழுத்தைத் தாங்கித் தூக்கும்போதுதான் தலைக்கு ஓய்வு கிடைக்கும். வலிக்கிற புள்ளியில் உதட்டுச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்து, இன்சோலின் மேல் நின்று இறங்கினால் புள்ளி அதில் பதியும். பேடின் முன் விளிம்பு அந்தப் புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் வருகிற மாதிரி ஒட்டினோம். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது என்றார்.

விரல் நடுவில் வைக்கும் சிலிகான் துண்டும் ராத்திரியில் கட்டும் பட்டையும் ஏற்கெனவே ஏழு மாதம் போட்டிருந்தார். துண்டு விரலும் விரலும் உரசுவதைத் தடுக்கும், அதற்கு நல்லது, ஆனால் குறுகிய ஷூவுக்குள் வைத்தால் பெருவிரலை வெளியே தள்ளிப் புடைப்பை ஷூவோடு இன்னும் அழுத்தும். பட்டை கட்டியிருக்கும் வரைக்கும் விரல் நேராக இருக்கும், அவிழ்த்ததும் பழையபடி. வளர்ந்தவர்களின் காலில் எலும்பின் சாய்வை இவை நிரந்தரமாகத் திருப்புவதில்லை. பின்லாந்தில் 209 பேரை வைத்து நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒரு குழுவுக்குத் தனியாகச் செய்த இன்சோல், இன்னொன்றுக்கு எதுவும் செய்யாமல் காத்திருப்பு. இன்சோல் ஆறு மாதத்தில் கொஞ்சம் ஆறுதல் கொடுத்தது, ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் போய்விட்டது, ஆபரேஷன் குழுதான் முன்னால் நின்றது. பாதத் தசைகளுக்கான பயிற்சிகளை நானும் கொடுத்தேன், பாதத்துக்கு நல்லது, ஆனால் விரல் நேராகும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

நான்கு மாதம் ஒரு சின்ன நோட்டில் இரண்டே விஷயம் எழுதச் சொன்னேன். எத்தனை நிமிடம் நின்ற பிறகு வலி ஆரம்பித்தது, பத்துக்கு எத்தனை. இரண்டு காலுக்கும் தனித்தனி பத்தி. வலது காலில் 6-இல் இருந்த வலி 1-க்கு வந்துவிட்டது, பல நாள் பூஜ்யம். இடது காலில் புடைப்பின் மேலே இருந்த லேசான உரசல் போய்விட்டது, அடிவலி 6-லிருந்து 4-க்கு வந்து அங்கேயே நின்றது, மூன்று மணி நேரம் நின்றால் பழையபடி கூழாங்கல். அந்த நான்கு மாதத்தில் இரண்டாவது விரல் இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டது என்பதையும் போட்டோவில் பார்த்தோம், ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்திலிருந்து எடுத்த போட்டோ.

நோட்டைக் காட்டி, "அறுவை மருத்துவரைப் பார்க்கலாம், ஆனா இடது காலுக்கு" என்றேன். அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதானே மேடம் பார்க்கவே அசிங்கமா இருக்கு?" அந்த வருத்தம் உண்மையானது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வலி இல்லாத காலை அழகுக்காக வெட்டுவதில் இருக்கும் நஷ்டத்தைச் சொல்லவேண்டியது என் கடமை. இருக்கிற வலியைக் குறைக்கப் போகிறவருக்கு ஆபரேஷனில் லாபம் உண்டு. வலியே இல்லாதவருக்கு இருப்பதை விட மோசமாகப் போவதற்குத்தான் இடம் அதிகம். மரத்துப்போதல், மூட்டு இறுகுதல், புடைப்பு திரும்ப வருதல், எடை பக்கத்து விரலுக்கு மாறி அங்கே புதிதாக வலி தொடங்குதல், இவை எதுவும் அபூர்வம் அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2004 தொகுப்பாய்வில், கோணமும் வலியும் குறைந்த பிறகும் சில ஆய்வுகளில் நான்கில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை திருப்தி அடையவில்லை என்று இருக்கிறது. குறுகிய ஷூவைத் திரும்பப் போடலாம் என்ற நம்பிக்கையோடு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் அறையில் நான் பார்த்தது. பின்னால் மோசமாகிவிடுமோ என்று இப்போதே வெட்டிக்கொள்வதும் வேண்டாம், வலது காலைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

அவர் இரண்டு அறுவை மருத்துவர்களைப் பார்த்தார். முதலாமவர் இரண்டு காலையும் ஒரே நாளில் செய்து புடைப்பைச் சீவி எடுத்துவிடலாம் என்றார். புடைப்பை மட்டும் சீவுவது சின்ன ஆபரேஷன், சீக்கிரம் நடக்கலாம், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் சாய்ந்த எலும்பு சாய்ந்தே இருக்கிறது, விரல் திரும்பவும் சாயும், எடை இரண்டாவது விரலுக்குத்தான் போகும். இவருடைய பிரச்சினையை அது தொடவே இல்லை. இரண்டாமவர் தாளை இழுத்துப் பார்த்தார், காய்ப்பைத் தொட்டுப் பார்த்தார், பிறகு இடது கால் மட்டும் என்றார். நீள எலும்பை நடுவில் Z வடிவத்தில் வெட்டி நகர்த்தித் திருகாணி போடுவது, அதற்கு ஸ்கார்ஃப் என்று பெயர். கூடவே பெருவிரல் எலும்பில் ஒரு சின்ன ஆப்பு வெட்டு, இரண்டாவது நீள எலும்பைச் சில மில்லிமீட்டர் குறுக்குவது. அந்த இரண்டாவது விரல் பிறகு தரையைத் தொடாமல் நிற்கலாம் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். அதைச் சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

நாள் கணக்கையும் முதலிலேயே பேசிக்கொண்டோம், ஏனென்றால் வேலைக்கு லீவு அதை வைத்துத்தான். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் காலை இதயத்தை விட உயரமாக வைத்துப் படுத்திருப்பது, கழிப்பறைக்கு மட்டும் எழுந்து போவது. இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். ஆறு வாரம் கெட்டியான ஆபரேஷன் செருப்பு, எடை குதிகாலில். மூன்றாவது வாரத்திலிருந்து பெருவிரலைக் கையால் மேலும் கீழும் மடக்கும் பயிற்சி, இதை வலிக்குப் பயந்து விட்டால் மூட்டு இறுகிவிடும். ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துகொண்டு வருவது தெரிந்ததும் அகலமான ஷூ. நின்று செய்யும் வேலைக்குத் திரும்பியது 13-ஆவது வாரம், அதுவும் முதலில் அரை நாள். வீக்கம்தான் அவரை ரொம்ப அழவைத்தது. மூன்றாவது மாதத்தில் சாயங்காலமானால் ஷூ ஏறாது, ஏதோ தப்பாகிவிட்டது என்று இரண்டு தடவை போன் செய்தார். சிவப்பு இல்லை, சூடு இல்லை, காய்ச்சல் இல்லை, கெண்டைக்கால் வலி இல்லை, காலையில் எழும்போது வடிந்துவிடுகிறது, அப்படியென்றால் அது இந்த ஆபரேஷனுக்குப் பின் வழக்கமான வீக்கம். எட்டாவது மாதம்தான் முழுசாகப் போனது.

ஒரு வருடத்தில் இடது காலின் கணக்கு இது. விரல் சாய்வு 27-லிருந்து 11, எலும்புகளுக்கு நடுவில் 13-லிருந்து 7. அடிவலி 4-லிருந்து 1. காய்ப்பு கரைந்து தோல் மெத்தென்று ஆகிவிட்டது, எடை பெருவிரலுக்குத் திரும்பிவிட்டது என்பதை எக்ஸ்ரேயை விட எனக்கு அந்தத் தோல்தான் நன்றாகச் சொன்னது. நஷ்டமும் உண்டு. பெருவிரல் மேலே தூக்குவது 55-லிருந்து 48-க்கு வந்துவிட்டது, அதன் உள்பக்கத்தில் ஒரு நகம் அளவுக்கு மரத்துப்போயிருக்கிறது, இரண்டாவது விரல் தரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தூக்கியபடி நிற்கிறது. தாளை வைத்து இழுத்தால் இன்னும் உருவிக்கொண்டுதான் வரும். "இது மூணும் இருந்தாலும் திரும்பவும் பண்ணிப்பேன்" என்கிறார், எட்டு மணி நேரம் நிற்க முடிகிறதே என்பதுதான் அவருக்குக் கணக்கு.

வலது காலுக்கு இரண்டு வருடம் கழித்து நின்றபடி எக்ஸ்ரே எடுத்தோம். 34 இருந்தது 36 என்று வந்தது, அவர் பதறிப்போனார். இரண்டு மூன்று டிகிரி அளப்பவர் கோடு போடும் விதத்திலேயே மாறும், இதை மோசமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது விரல் படிந்திருக்கிறது, தாள் கிழிகிறது, அடியில் காய்ப்பு இல்லை. இந்த மூன்றில் ஒன்று மாறினாலோ, வெறுங்காலோடு நடக்கும்போது வலி வந்தாலோ, புடைப்பின் மேல் தோல் உடைந்து ஆறாமல் இருந்தாலோ திரும்ப உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார், வரும்போது பையில் அந்த மடித்த தாளையும் கொண்டுவருகிறார். புது ஷூ வாங்கும்போதெல்லாம் கடையிலேயே இன்சோலை உருவி அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாராம். தாளின் ஓரம் கிழிந்து, பென்சில் கோடு மங்கிப்போய்விட்டது. போன தடவை வேறு தாளில் புதிதாக வரைந்து கொடுத்தேன், இந்த முறை இடது பாதத்தின் கோடு பழையதை விட ஆறு மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தது.